துளை ஒன்றுதான், கரண்ட் வேற வேற: காலேஜ் போகிற பிள்ளைக்கு எந்த போன், எந்த சார்ஜர்?

சோமனூரில் அக்கா வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு டிராயர் இருக்கிறது. அக்கா மகள் கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற வாரம் அதை இழுத்துத் தரையில் கொட்டினோம். மொத்தம் 11 சார்ஜர். ஒல்லி ஊசி பின் இரண்டு, பழைய மைக்ரோ யு.எஸ்.பி. நான்கு, எந்த லேப்டாப்புக்கு வந்தது என்றே யாருக்கும் ஞாபகமில்லாத உருண்டைப் பின் ஒன்று, சி டைப் ஒயரோடு இரண்டு, செத்துப்போனது ஒன்று, அப்புறம் எதற்கென்றே தெரியாத ஒன்று. மாமா தறிக்குடோனிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர், அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "ஏம் மாப்ள, இத்தன கெடக்குது, இன்னும் புதுசு எதுக்கு வாங்கோணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஐரோப்பாவில் இருக்கிற அதிகாரிகளும் 2009-இல் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

பிள்ளைக்கு வேண்டியது ஒரு போன், ஒரு லேப்டாப், காதில் மாட்டுகிற பட்ஸ் ஒன்று. எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. பெட்டியிலேயே 80 வாட் சார்ஜர் தருகிற போனும், உருண்டைப் பின் லேப்டாப்பும் வாங்குவது ஒன்று. சார்ஜரே தராத போனை வாங்கி, சி டைப்பில் சார்ஜ் ஏறுகிற லேப்டாப்பைத் தேடி, இரண்டுக்கும் ஒரே சார்ஜராக வைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, விலை இறங்கிக் கிடக்கிற பழைய பின் ஐபோன். எது என்று சொல்வதற்கு முன்னால் ஐரோப்பாவில் போட்ட "எல்லாத்துக்கும் ஒரே சார்ஜர்" சட்டம் எதைச் சரி செய்தது, எதைத் தொடவில்லை என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் கடையில் ஏமாறுவது எல்லாம் அந்தத் தொடாத இடத்தில்தான்.

2009 வாக்கில் ஐரோப்பாவில் மட்டும் 30 விதமான போன் சார்ஜர் புழக்கத்தில் இருந்தது. ஐரோப்பிய ஆணையம் கம்பெனிகளைக் கூப்பிட்டு, நீங்களாகவே ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றது. மைக்ரோ யு.எஸ்.பி. என்று பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். சட்டமில்லை, ஒப்பந்தம். அதில் ஒரு சந்தும் இருந்தது: போனில் உன் இஷ்டத்துக்குத் துளை வைத்துக்கொள்ளலாம், மைக்ரோவை மாட்டுகிற ஒரு அடாப்டரைத் தனியாக விற்றால் போதும். ஆப்பிள் அந்தச் சந்தில் நுழைந்து தன் பின்னையே தொடர்ந்தது, 2012-இல் லைட்னிங் என்று புதுப் பின்னும் கொண்டுவந்தது. முப்பது மூன்றாகக் குறைந்ததே தவிர ஒன்றாகவில்லை. அப்புறம்தான் 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்து, 13 பேர் எதிர்த்து, எல்லாவற்றுக்கும் சி டைப் துளைதான் என்று சட்டமாகவே போட்டார்கள். போன், டேப்லட், கேமரா, ஹெட்போன், பட்ஸ், ஸ்பீக்கர், கீபோர்டு, மவுஸ் இவற்றுக்கெல்லாம் 2024 டிசம்பர் 28, லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தார்கள்.

குப்பைதான் முதல் காரணம் என்று சொல்லிக்கொண்டார்கள். வேண்டாமல் கிடப்பதும் தூக்கிப் போட்டதுமாகச் சார்ஜர் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கொஞ்சம் யோசித்தால், பின் ஒன்றாகிவிட்டதாலேயே குப்பை குறைந்துவிடாது. புதுப் போன் வாங்குகிறபோதெல்லாம் ஒரு புது சார்ஜர் பெட்டிக்குள் வந்துகொண்டே இருந்தால், டிராயரில் 11 வித சார்ஜருக்குப் பதிலாக ஒரே மாதிரி 11 சார்ஜர் கிடக்கும், அவ்வளவுதான். அதனால்தான் சட்டத்தில் பின்னைவிட முக்கியமான வரி வேறொன்று: சார்ஜர் இல்லாமலும் அந்தப் பொருளை வாங்க வழி இருக்க வேண்டும். கூடவே பெட்டி மேல் ஒரு படம். உள்ளே சார்ஜர் இருக்கிறதா இல்லையா, இந்தப் பொருளுக்குக் குறைந்தது எத்தனை வாட், அதிகபட்சம் எத்தனை வாட் என்று அதைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

இன்னொரு காரணத்தை அவ்வளவு சத்தமாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் எனக்கு அதுதான் பெரியதாகத் தெரிகிறது. ஒரு கம்பெனியின் ஒயரும் சார்ஜரும் வீட்டில் நாலைந்து சேர்ந்துவிட்டால் அடுத்த போனையும் அதே கம்பெனியில்தான் வாங்கத் தோன்றும். கல்யாணத்துக்கு எடுத்த சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி, மூடி அவர்கள் பாத்திரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அந்தப் பிடியைத் தளர்த்துவது வாங்குகிறவன் பக்கத்து நியாயம்.

சரி, ஐரோப்பாவில் போட்ட சட்டத்துக்கும் சோமனூருக்கும் என்ன சம்பந்தம்? திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1990-களில் ஜெர்மனிக்காரன் சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டபோது இங்கே சாயப்பட்டறைகளில் என்ன நடந்ததோ அதுதான். வாங்குகிறவன் பெரிய ஆளாக இருந்தால், அவனுக்கு ஒரு சரக்கு, மற்றவனுக்கு ஒரு சரக்கு என்று இரண்டு விதமாக ஓட்டுவது நமக்குத்தான் தலைவலி. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15 ஐரோப்பாவுக்கு மட்டும் சி டைப் என்று வரவில்லை, உலகம் முழுக்க அதே துளையோடு வந்தது. இந்தியாவிலும் 2022-இல் நுகர்வோர் துறை கம்பெனிகளை உட்கார வைத்துப் பேசி சி டைப்புக்குச் சம்மதம் வாங்கியது, இந்தியத் தரநிலைகள் அமைவனமான பி.ஐ.எஸ். சி டைப் பின்னுக்கும் ஒயருக்கும் தனித் தரநிலையே வெளியிட்டது.

இனி அந்தத் தொடாத இடத்துக்கு வருகிறேன். சட்டம் துளையை ஒன்றாக்கியது. அதோடு, 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஏறுகிற எந்தப் பொருளும் பவர் டெலிவரி, சுருக்கமாக PD, என்கிற பொதுப் பேச்சைப் பேசியாக வேண்டும் என்றது. பேச்சு என்று சும்மா சொல்லவில்லை. ஒயரை மாட்டியதும் சார்ஜரும் போனும் நிஜமாகவே பேரம் பேசுகின்றன. "என்னிடம் 5 வோல்ட் இருக்கிறது, 9 இருக்கிறது, 15 இருக்கிறது, 20 இருக்கிறது" என்று சார்ஜர் கடை விரிக்கும், போன் ஒன்றைக் கேட்டு வாங்கும். பேரம் படியவில்லை என்றால் இரண்டும் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஆனால் கம்பெனிகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிற ரகசிய பாஷையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பொதுப் பேச்சை அது கெடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. சூப்பர்வூக், ஃபிளாஷ்சார்ஜ், ஹைப்பர்சார்ஜ் என்று விளம்பரத்தில் வருகிற பெயர்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்த ரகசிய பாஷைதான்.

இதைக் கண்டுபிடிக்க சார்ஜரின் வயிற்றில் பொடி எழுத்தில் இருக்கிற வரியைப் படித்தால் போதும். கண்ணாடி வேண்டியிருக்கும், அல்லது போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். காந்திபுரத்தில் ஒரு கடையில் இரண்டு சார்ஜரை அருகருகே வைத்துப் பார்த்தோம். போன் பெட்டியில் வந்த 80 வாட் சார்ஜரில் இருந்தது இது:

```
OUTPUT: 5V⎓2A  5-11V⎓7.3A
```

தனியாக விற்கிற 65 வாட் சார்ஜரில் இது:

```
PD:  5V⎓3A  9V⎓3A  15V⎓3A  20V⎓3.25A
PPS: 3.3-11V⎓5A
```

முதலாவதில் 9, 15, 20 என்ற படிக்கட்டே இல்லை. 80 வாட் என்பது 11 வோல்ட்டில் 7.3 ஆம்பியர், அதுவும் அந்தக் கம்பெனி போனும் அந்தக் கம்பெனி ஒயரும் சேர்ந்தால்தான். வேறு கம்பெனி போனை மாட்டினால் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட். லேப்டாப்பை மாட்டினால் பெரும்பாலும் எதுவுமே நடக்காது. 80 வாட் என்று பெரிதாக அச்சடித்தது உண்மைதான், ஆனால் அது வீட்டுக்குள் மட்டும் செல்லுகிற காசு. இரண்டாவது சார்ஜர் 65 வாட்தான், ஆனால் ஊரில் எந்தக் கடையிலும் செல்லும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் வழியைப் பார்க்கலாம். 80 வாட் போனை நான் குறை சொல்லவே மாட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் சார்ஜ் 8 சதவீதம், பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கிறது என்றால் அந்த சார்ஜர் தெய்வம். அதே போனைப் பொதுப் பவர் டெலிவரி சார்ஜரில் மாட்டினால், நான் பார்த்த ஒரு மாடல் 18 வாட் அளவில்தான் இழுத்தது. மாடலுக்கு மாடல் இது மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5,000 எம்.ஏ.எச். பேட்டரி, சராசரி 3.85 வோல்ட், பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. 18 வாட்டில் வழியில் சூடாகி வீணாவது போகக் கொஞ்சம் குறைவாகத்தான் பேட்டரிக்குள் போகும், கடைசி இருபது சதவீதம் எந்த சார்ஜரானாலும் மெதுவாகத்தான் ஏறும், ஆக ஒன்றரை மணிக்குக் குறையாது. 80 வாட்டில் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். பகலில் அலைகிற ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ராத்திரி பத்து மணிக்கு மாட்டிக் காலை ஆறு மணிக்குக் கழற்றுகிற ஹாஸ்டல் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. தொலைத்துவிட்டால் அதே கம்பெனி சார்ஜரையும் அதே கம்பெனி ஒயரையும் தேடிப் போக வேண்டும் என்பதுதான் இதில் செலவு, ஹாஸ்டலில் சார்ஜர் தொலையாத வருஷம் ஏது?

அந்த வழியில் வருகிற உருண்டைப் பின் லேப்டாப்தான் உண்மையான சிக்கல். உருண்டைப் பின்னில் எந்தப் பேரமும் கிடையாது. பின்னின் குறுக்களவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியில் பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும்கூட வேறு. சில லேப்டாப்பில் பின்னுக்கு நடுவில் ஒரு ஊசி இருக்கும். இது நம்ம சார்ஜர்தானா என்று லேப்டாப் அதன் வழியாகத்தான் அடையாளம் பார்க்கிறது. வெளியில் வாங்கிய சார்ஜர் அளவில் பொருந்தி, வோல்ட் பொருந்தி, லேப்டாப்பும் ஓடும், ஆனால் பேட்டரி மட்டும் ஏறாது. எங்கள் ஆபீஸில் ஒருவர் இப்படி மூன்று வாரம் லேப்டாப்பைச் சுவரோடு கட்டிப்போட்ட மாடு மாதிரி வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். லைட்னிங் பின் ஐபோனை வாங்கினால் சார்ஜர் தனியாகத் தேட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. ஒரு பக்கம் சி, மறுபக்கம் லைட்னிங் இருக்கிற ஒயர் இருந்தால் பொதுப் பவர் டெலிவரி சார்ஜரிலேயே நன்றாக ஏறும். மாறுவது ஒயர் மட்டும்தான். வீட்டில் ஏற்கெனவே ஐபோன் புழங்குகிறது, விலையும் கணிசமாகக் குறைகிறது என்றால் தாராளமாக வாங்கலாம். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் ஒயர் கேட்டால் சி டைப்தான் நீட்டுவாள். அதனால் விட்டுவிட்டோம்.

ஆக மிஞ்சியது இரண்டாவது வழி. இதிலும் குழி இருக்கிறது, சொல்லாமல் போனால் தப்பு.

லேப்டாப்பில் சி டைப் துளை இருப்பது வேறு, அதில் சார்ஜ் ஏறுவது வேறு. நாங்கள் பார்த்த ஒன்றில் பக்கவாட்டில் அழகாக ஒரு சி துளை, அதற்குப் பக்கத்திலேயே உருண்டைப் பின் துளையும். கடைக்காரத் தம்பி "டைப் சி இருக்குதுங்கண்ணா" என்றார். என் பையிலிருந்த சார்ஜரை மாட்டினேன், ஒரு விளக்கும் எரியவில்லை. அந்தத் துளை பென்டிரைவுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் மட்டும். துளைக்குப் பக்கத்தில் சின்னதாக பேட்டரி படமோ, பிளக் படமோ, PD என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்பெக் தாளில் சி டைப் வழியாகச் சார்ஜ் ஏறும் என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சி டைப்பில் ஏறுகிற லேப்டாப் அதே ரகத்தில் எங்களுக்கு 2,000 ரூபாய் கூட ஆயிற்று. அந்த லேப்டாப்பின் பெட்டியிலேயே 65 வாட் சி டைப் சார்ஜர் இருந்தது.

அதைக் கேட்டதும் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அதுலயே போனும் ஏறுமல்லோ?" ஏறும். லேப்டாப் சார்ஜரும் அதே பொதுப் பேச்சைத்தான் பேசுகிறது, போன் 9 வோல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும், அதிக வாட் போய் போன் வெடித்துவிடும் என்ற பயம் வேண்டாம், எவ்வளவு இழுப்பது என்பது போனின் முடிவு. ஆனால் நாங்கள் எடுத்த போன் 25 வாட்டில் ஏறுவது பி.பி.எஸ். இருந்தால்தான். பி.பி.எஸ். என்பது பவர் டெலிவரிக்குள்ளேயே இருக்கிற இன்னொரு வசதி. 5, 9, 15 என்று படி ஏறாமல், வோல்ட்டைப் பொடிப்பொடியாகக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும். பல லேப்டாப் சார்ஜரில் அந்த வரி இருக்காது. எங்களுடையதிலும் இல்லை. மாட்டியதும் போன் திரையில் `Fast charging` என்று வந்தது, `Super fast charging` என்று வரவில்லை. 15 வாட் அளவு. ராத்திரிக்கு அது தாராளம்.

அப்போ ஏன் இன்னொன்று வாங்கினோம்? ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு ஒரு பிளக் பாயிண்ட்தான். ராத்திரி லேப்டாப்பும் போனும் சேர்ந்து ஏற வேண்டும். அதனால் இரண்டு சி துளையும் அகலமான பழைய யு.எஸ்.பி. ஏ துளை ஒன்றும் இருக்கிற 65 வாட் சார்ஜர் ஒன்று, பி.பி.எஸ். வரி இருக்கிறதைப் பார்த்து, 2,300 ரூபாய்க்கு எடுத்தோம். பிள்ளை அதோடு ஹாஸ்டலில் இருப்பாள், லேப்டாப்போடு வந்தது சோமனூரிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும்போது சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கிற வேலை மிச்சம். சார்ஜரில் ஐ.எஸ்.ஐ. மாதிரி ஒரு பி.ஐ.எஸ். குறியும், R- என்று தொடங்கி எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை `BIS Care` ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்குப் பதிவானது என்று காட்டும். கடையிலேயே நின்று போட்டுப் பார்த்தேன். அங்கே முதலில் காட்டிய மலிவான ஒன்றில் எண் இருந்தது, ஆப் வேறு ஏதோ கம்பெனிப் பெயரைச் சொன்னது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு துளையிலும் மாட்டினால் 65 வாட்டும் இரண்டுக்கும் கிடைக்காது, பங்கு போட்டுக்கொள்ளும். எங்களுடையதில் லேப்டாப்புக்கு 45, போனுக்கு 20. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஒயரை மாட்டினால் ஒரு வினாடி முதலாவதும் நின்று மறுபடி ஆரம்பிக்கும், திரை கொஞ்சம் மங்கித் தெளியும். பேரத்தை முதலிலிருந்து பேசுகிறது, ரிப்பேர் இல்லை. ஒயரையும் பார்த்து எடுக்க வேண்டும். சாதாரண சி-சி ஒயர் 3 ஆம்பியர் வரைதான், 20 வோல்ட்டில் பெருக்கினால் 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஒயரின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும், அது "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொன்னால்தான் சார்ஜர் திறந்துவிடும். அப்படிப்பட்ட ஒயரில் 100 அல்லது 240 வாட் என்று போட்டிருப்பார்கள். 65 வாட் லேப்டாப்புக்கு 60 வாட் ஒயர் போட்டாலும் குடி முழுகிப்போகாது, ஆனால் வாங்குவதுதான் வாங்குகிறோம், தலையில் எண் போட்டதையே வாங்குங்கள். எங்களுக்கு ஒன்று 450 ரூபாய், இரண்டு எடுத்தோம்.

செலவைக் கூட்டினால் இரண்டாவது வழியில் லேப்டாப்புக்குக் கூடிய 2,000, சார்ஜர் 2,300, ஒயர் 900, மொத்தம் 5,200 கூட. முதல் வழியில் கையிலிருந்து எதுவும் கூடப் போகாது. இதை மறைக்க மாட்டேன். ஒரே ஒரு போன் மட்டும் வாங்குகிற ஆளுக்கு, அதுவும் பகலில் ஓடுகிற வேலைக்காரருக்கு, பெட்டியில் சார்ஜரோடு வருகிற போனே லாபம். லேப்டாப்பும் சேர்ந்து வருகிற வீட்டில்தான் கணக்கு திரும்புகிறது, ஏனென்றால் நாலு வருஷத்தில் லேப்டாப் சார்ஜர் ஒருமுறையாவது போகும், போனும் ஒருமுறை மாறும், பட்ஸ் இரண்டு முறை தொலையும், ஒவ்வொன்றுக்கும் சார்ஜர் தேட வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே பின் என்று கட்டிப்போட்டால் நாளைக்கு நல்ல பின் வராது என்பது ஆப்பிள் சொன்ன வாதம். முழுப் பொய்யும் இல்லை அது. சி டைப்பின் வரையறையே 2014-இல்தான் வெளியானது. 2009-இல் மைக்ரோவைச் சட்டமாகவே போட்டிருந்தால் தலைகீழாகத் திணித்துத் திணித்து உடைகிற அந்தப் பின்னோடு இன்னும் எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருப்போமோ. இப்போதைய சட்டத்தில் பின்னை மாற்றிக்கொள்ள ஆணையத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு வேகமாக மாற்றுவார்கள் என்பது அதிகாரிகள் கையில்.

அப்புறம், நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை. மாமாவின் போன் சி டைப்தான், ஆனால் "பின்னு லூசாயிருச்சு, ஒயரு நிக்கறதில்ல" என்று மூன்று ஒயர் மாற்றிவிட்டார். தறிக்குடோனில் சட்டைப் பையில் போன், காற்றெல்லாம் பஞ்சு. சி துளைக்குள் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதைச் சுற்றி உள்ள சந்தில் பஞ்சு போய் அமர்ந்து, ஒயர் மாட்டுகிறபோதெல்லாம் உள்ளே அமுங்கி அமுங்கி, கடைசியில் கம்பளி மாதிரி ஒரு தட்டு ஆகிவிடுகிறது. கண்டுபிடிப்பது சுலபம்: ஒயரை மாட்டியபின் பின்னின் உலோகம் ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால், 'டிக்' என்று உட்காராமல் ஆடினால், துளை கெடவில்லை, அடைத்திருக்கிறது. போனை ஆஃப் செய்து, மரப் பல்குச்சியின் நுனியை இன்னும் மெல்லியதாகச் சீவி, நாக்கைத் தொடாமல் ஓரமாக விட்டு இழுத்தேன். அரை மிளகளவு சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை வந்தது. குண்டூசி போடாதீர்கள், உள்ளே தகடு சேர்ந்துவிட்டால் முடிந்தது கதை. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற என் போனிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதுதான் வேலை.

கடைசியாக சின்னச் சாமான்கள். போன வருஷம் திருப்பூரில் ஒரு கடையில் டிரிம்மர் வாங்கினேன். பெட்டியில் "டைப் சி" என்று கொட்டை எழுத்து. வீட்டில் பவர் டெலிவரி சார்ஜரில் சி-சி ஒயரைப் போட்டால் செத்த பாம்பு. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் மேஜையில் இருந்த பழைய ஏ துளை சார்ஜரில், ஏ-சி ஒயரில் மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது. "நல்லாத்தானுங்க இருக்குது, உங்க சார்ஜர்தான் கோளாறு" என்றார். எனக்கு மானம் போயிற்று.

கோளாறு டிரிம்மரில்தான். பழைய ஏ துளையில் 5 வோல்ட் எப்போதும் தயாராக இருக்கும், எதை மாட்டினாலும் கொடுத்துவிடும். சி துளை சார்ஜர் அப்படியில்லை, மறுமுனையில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிகிற வரைக்கும் துளி கரண்டும் விடாது. அதற்கு அந்தப் பொருளுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். கம்பு அரிசி அளவுகூட இல்லாத, சில பைசா விலையுள்ள சமாச்சாரம். மலிவுச் சாமான் செய்கிறவர்கள் பழைய போர்டிலேயே மைக்ரோ துளையைக் கழற்றி சி துளையை வைத்துவிட்டு அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். டார்ச், கழுத்தில் மாட்டுகிற ஹெட்செட், குட்டி ஃபேன் எல்லாவற்றிலும் இது உண்டு. ஐரோப்பியச் சட்டப் பட்டியலில் ஹெட்செட் இருக்கிறது, டிரிம்மரும் டார்ச்சும் இல்லை. இப்போது எந்தச் சின்னச் சாமான் வாங்கினாலும் பையில் சி-சி ஒயரும் சார்ஜரும் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். பிள்ளைக்கு வாங்கிய பட்ஸையும் அப்படித்தான் மாட்டிப் பார்த்து, டப்பாவில் விளக்கு எரிந்தபின் பில் போடச் சொன்னேன்.

டிராயரில் கொட்டிய பதினொன்றில் பத்தை மாமா ஒரு உரச்சாக்கில் போட்டுக் கட்டினார், எலெக்ட்ரானிக் குப்பை வாங்குகிற ஆள் அடுத்தமுறை வரும்போது கொடுக்க. ஏ துளை இருக்கிற பழைய சார்ஜர் ஒன்றை மட்டும் நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அதெதுக்கு மாப்ள?"

"டிரிம்மருக்குங்க மாமா."